நானூறு மில்லி

ஜூன் 9, திங்கள்

கடை திறந்து ஊதுவத்தி ஏற்றும் முன்பே வாத்தியார் போன். மதுரைக்கு ஒரு கல்யாணத்துக்குக் கிளம்பியவர், அரவக்குறிச்சி தாண்டிக் காற்றுப் பிடிக்க நிறுத்திய இடத்தில் டிப் ஸ்டிக்கையும் இழுத்துப் பார்த்திருக்கிறார். ஆயில் கீழ்க்கோட்டுக்குக் கொஞ்சம் மேலே நிற்கிறதாம். அவர் பெட்ரோல் காருக்கு என்னிடம் வாங்கி ஊற்றியது 5டபிள்யூ-30 சிந்தெடிக். அந்த ரோட்டோரக் கடையில் இருப்பதோ லாரிக்காரர்கள் வாங்கும் 15டபிள்யூ-40 மட்டும்தான், கம்பெனியும் வேறு.

"மெக்கானிக் தம்பி ஊத்தக் கூடாதுங்கறான். ரெண்டு கம்பெனி ஆயில் சேர்ந்தா திரிஞ்சு போயி இன்ஜின் ஜாம் ஆயிருமாம். இப்படியே மெதுவா மதுரை போய்ட்டா பரவால்லயா?"

"ஊத்துங்க சார். கம்மியா வெச்சுட்டு ஓட்டறதுதான் ஆபத்து. ஆனா பாட்டில் முழுசையும் கவுத்திராதீங்க" என்றேன்.

இந்த இரண்டாவது பேச்சு அவருக்கு வியப்பாக இருந்தது. அந்த காரில் டிப் ஸ்டிக்கின் கீழ்க்கோட்டுக்கும் மேல்கோட்டுக்கும் நடுவே கொள்வது ஏறக்குறைய ஒரு லிட்டர். கோட்டுக்கு மேலே கொஞ்சம் இருக்கிறது என்றால் பிடிப்பது முக்கால் லிட்டர்தான். கையில் இருப்பது ஒரு லிட்டர் பாட்டில், காசு கொடுத்தாகிவிட்டது என்று முழுதும் ஊற்றிவிடுகிறவர்கள் அதிகம். மேல்கோட்டைத் தாண்டி ரொம்பவும் ஏறினால் கிராங்க் ஷாஃப்ட் சுற்றும்போது ஆயிலில் அடிபட்டு நுரை எழும். நுரையை பம்ப் இழுத்தால் பேரிங்குக்குப் போவது பாதி காற்று. கிரேடு மாறி ஊற்றியதால் கெட்ட இன்ஜின் ஒன்றையும் என் அப்பா காலத்திலிருந்து இந்தக் கடையில் நான் பார்த்ததில்லை. அளவு மீறி ஊற்றி ஆயில் சீல் கசிந்து வந்த வண்டிகளைப் பார்த்திருக்கிறேன்.

சமதரையில் நிறுத்தி, இன்ஜினை அணைத்து, ஐந்து பத்து நிமிடம் விட்டு, 400 மில்லி ஊற்றி, கொஞ்சம் பொறுத்து மறுபடி ஸ்டிக்கைத் துடைத்துப் பார்க்கச் சொன்னேன். பாதிக்கு மேல் ஏறிவிட்டது என்று அரை மணியில் செய்தி வந்தது. போதும், போங்கள் என்றேன்.

ஜூன் 10, செவ்வாய்

வாத்தியாருக்கு மனசு ஆறவில்லை. கல்யாண மண்டபத்திலிருந்து மறுபடி போன். "30-ல 40-ஐ ஊத்தினா இப்ப அது எத்தனை?" கணக்கு வாத்தியார், அப்படித்தான் கேட்பார். சாயங்காலம் கூட்டம் குறைந்ததும் கணக்கு நோட்டின் பின்பக்கத்தில் போட்டுப் பார்த்தேன்.

பாட்டிலில் இருக்கிற 30, 40 என்பது ஆயிலின் உண்மையான அளவு கிடையாது. அது ஒரு வரம்பின் பெயர். நூறு டிகிரி சூட்டில் ஆயில் எவ்வளவு கெட்டியாக ஓடுகிறது என்பதை சென்டிஸ்டோக்ஸ் கணக்கில் அளப்பார்கள். 9.3-லிருந்து 12.5-க்குள் இருந்தால் அதற்கு 30 என்று பெயர். 12.5-லிருந்து 16.3-க்குள் என்றால் 40. ஆக, 12.4 இருக்கும் ஓர் ஆயில் 30. 12.6 இருக்கும் இன்னொன்று 40. இரண்டுக்கும் நடுவே என்ன வித்தியாசம் இருந்துவிடப் போகிறது?

வாத்தியாரின் ஆயிலுக்கு 10.5 என்றும், லாரி ஆயிலுக்கு 14.5 என்றும் வைத்துக்கொண்டேன். அந்த வகை ஆயில்களில் சாதாரணமாக இருக்கும் எண்கள்தான் இவை. காரின் ஆயில் சேம்பர் முழுக் கொள்ளளவு மூன்றரை லிட்டர். கீழ்க்கோட்டில் இரண்டரை லிட்டர். அவர் பார்த்தபோது 2.7 லிட்டர் இருந்திருக்கும். 400 மில்லி சேர்த்ததும் 3.1. புதிதாக வந்தது அதில் நூற்றுக்குப் பதின்மூன்று பங்கு. கெட்டித்தன்மையை அப்படியே விகிதத்தில் கூட்டக் கூடாது, லாகரிதம் எடுத்துக் கூட்ட வேண்டும். அப்படிப் போட்டால் விடை 11-க்குத் துளி கீழேதான் வருகிறது. இன்னும் 30-தான்! 12.5-ஐத் தொட வேண்டுமென்றால் சேம்பரில் பாதிக்கு மேல் லாரி ஆயிலாக இருக்க வேண்டும்.

அதோடு, பழைய ஆயிலும் நின்ற இடத்தில் நிற்பதில்லை. ஓட ஓட அதிலுள்ள பாலிமர் நைந்து, பெட்ரோலும் கொஞ்சம் கலந்து, நீர்த்துப் போகும். பிறகு கரி ஏறி, சூட்டில் காய்ந்து, மறுபடி கெட்டியாகும். ஒரு ஆயில் மாற்றத்துக்கும் அடுத்ததற்கும் நடுவே இன்ஜின் தானாகவே பார்க்கிற ஏற்ற இறக்கம் இந்த அரைப் புள்ளிக்குக் குறைந்ததில்லை.

முன்னால் இருக்கும் 5டபிள்யூ, 15டபிள்யூ சங்கதி குளிருக்கானது. முதலாவதை மைனஸ் முப்பது டிகிரியிலும் அடுத்ததை மைனஸ் இருபதிலும் வைத்துச் சோதிப்பார்கள். கலந்த ஆயில் இனி 5டபிள்யூ சோதனையில் தேறுமா என்று கேட்டால் தேறாமலும் போகலாம். வாத்தியார் ஜனவரியில் லடாக்குக்கு வண்டி எடுக்கப் போவதில்லை. மதுரைக்குப் போயிருக்கிறார்.

ஜூன் 11, புதன்

திரிந்துபோகும் என்று அரவக்குறிச்சித் தம்பி சொன்னது மனசில் ஓடிக்கொண்டே இருந்தது. அவனை மட்டும் குறை சொல்ல முடியாது. என் அப்பாவே அப்படிச் சொன்னவர்தான். சரி, கண்ணால் பார்த்துவிடலாம் என்று ஊறுகாய் பாட்டில் மூன்றைக் கழுவிக் காயவைத்தேன்.

முதல் பாட்டிலில் ஒன்பது பங்கு 5டபிள்யூ-30 சிந்தெடிக், ஒரு பங்கு 15டபிள்யூ-40 மினரல். இரண்டாவதில் அதே இரண்டும் சரிபாதி. மூன்றாவதில் 15டபிள்யூ-40 பாதி, நாட்டு மருந்துக் கடையில் வாங்கிய விளக்கெண்ணெய் பாதி. மூன்றையும் நன்றாகக் குலுக்கி, கொதித்து இறக்கிய வெந்நீரில் அரை மணி வைத்து எடுத்து, இரவுக்கு ஃபிரிட்ஜில் வைத்திருக்கிறேன். வீட்டில் கேட்ட கேள்விகளை இங்கே எழுத வேண்டாம்.

இது நானாகக் கண்டுபிடித்த முறை இல்லை. ஏஎஸ்டிஎம் டி6922 என்று ஒரு சோதனை உண்டு. புது இன்ஜின் ஆயில் ஒன்றை ஏற்கெனவே குறித்து வைத்திருக்கும் சில மாதிரி ஆயில்களோடு கலந்து, குளிரவைத்து, சூடாக்கி, மறுபடி குளிரவைத்து, பிரிகிறதா, கலங்குகிறதா என்று பார்ப்பார்கள். ஏபிஐ முத்திரை வேண்டுகிற ஆயில் இதில் தேற வேண்டும். அதாவது மற்ற ஆயில்களோடு சேர்ந்து இருக்கத் தெரிய வேண்டும் என்பது முத்திரைக்கான நிபந்தனைகளில் ஒன்று. ரோட்டில் போகிறவன் கிடைத்ததை ஊற்றிக்கொள்வான் என்பது அதை எழுதியவர்களுக்குத் தெரிந்துதான் இருந்திருக்கிறது.

ஜூன் 12, வியாழன்

காலையில் பாட்டில்களை எடுத்தேன். முதல் இரண்டும் தெளிவாக இருக்கின்றன. வெயிலில் பிடித்துப் பார்த்தாலும் கோடு இல்லை, அடியில் வண்டல் இல்லை. மூன்றாவது கலங்கல். கடையில் ஷெல்ஃப் மேல் வைத்துவிட்டேன், கிடக்கட்டும்.

மதியம் பாலிடெக்னிக் பையன் ஒருத்தன் வந்தான். 150 சிசி பைக். ஆயில் குறைந்திருந்தது என்று வீட்டிலிருந்த அம்மாவின் ஸ்கூட்டர் ஆயிலில் 200 மில்லி ஊற்றிவிட்டானாம். "ரெண்டும் 10டபிள்யூ-30தானுங்கண்ணா, ஒரே கம்பெனி, ஒன்னும் ஆகாதில்லீங்க?"

வாத்தியார் கதைக்கு நேர் எதிர். அங்கே கம்பெனியும் வேறு, கிரேடும் வேறு, கவலையில்லை. இங்கே இரண்டும் ஒன்று, ஆனால் யோசிக்க வேண்டியிருக்கிறது. பைக்கில் இன்ஜின், கியர், கிளட்ச் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் தட்டுகள் அந்த ஆயிலிலேயே முழுகிக் கிடக்கின்றன, அவை ஒன்றையொன்று வழுக்காமல் பிடிக்க வேண்டும். ஸ்கூட்டரில் கிளட்ச் தனியாக உலர்ந்த இடத்தில் இருக்கிறது. அதனால் ஸ்கூட்டர் ஆயிலில் உராய்வைக் குறைக்கிற மருந்தைத் தாராளமாகச் சேர்ப்பார்கள், மைலேஜுக்கு நல்லது. பாட்டிலின் பின்பக்கம் ஜாசோ என்று ஒரு சின்னக் கட்டம் இருக்கும். எம்ஏ அல்லது எம்ஏ2 என்று இருந்தால் கிளட்ச் முழுகும் வண்டிக்கு. எம்பி என்று இருந்தால் ஸ்கூட்டருக்கு. பையன் ஊற்றியது எம்பி.

ஒரு லிட்டரில் 200 மில்லி, ஐந்தில் ஒரு பங்கு. கெட்டித்தன்மை போல இதைக் கணக்குப் போட்டுச் சொல்ல முடியாது. உராய்வைக் குறைக்கிற மருந்து கொஞ்சம் இருந்தாலே தட்டின் மேல் படிந்து வேலை செய்யக்கூடியது. அதே சமயம் உடனே கிளட்ச் போய்விடும் என்பதும் இல்லை. தட்டு புதிதாக, ஸ்பிரிங் நல்ல இறுக்கமாக இருந்தால் எதுவும் தெரியாமலே ஓடிவிடலாம். ஓட்டிப் பார்க்கச் சொன்னேன்: டாப் கியரில் நாற்பதில் போகும்போது ஆக்ஸிலேட்டரைச் சட்டென்று முழுக்கத் திருக வேண்டும். இன்ஜின் சத்தம் மட்டும் ஏறி வேகம் ஏறாமல் இருந்தால் கிளட்ச் வழுக்குகிறது. சங்ககிரி ரோட்டில் ஒரு சுற்றுப் போய்விட்டு வந்தான். ஒன்றும் தெரியவில்லையாம். மேடேறும்போதும், பின்னால் ஆள் இருக்கும்போதும் இன்னொருமுறை பார்க்கச் சொல்லி, வழுக்கினால் அன்றைக்கே ஆயிலை இறக்கிவிட்டு எம்ஏ2 ஊற்றச் சொன்னேன். தட்டு கருகுவதற்குள் மாற்றினால் பெரும்பாலும் பிடிப்பு திரும்பிவிடும். வழுக்க வழுக்க ஓட்டினால் தட்டு மாற்றுகிற செலவு.

ஜூன் 14, சனி

மூன்றாவது பாட்டில் இரண்டாகப் பிரிந்து நிற்கிறது. விளக்கெண்ணெய் கனம், அடியில். இன்ஜின் ஆயில் மேலே. நடுவில் ஒரு கோடு. கடைப்பையன் குலுக்கினான், மோர் மாதிரி வெளுத்தது. சாயங்காலத்துக்குள் மறுபடி பிரிய ஆரம்பித்துவிட்டது.

கலக்கக் கூடாது என்கிற பேச்சு எங்கிருந்து வந்தது என்பதற்கு இந்தப் பாட்டிலும் ஒரு விடை என்று நினைக்கிறேன். ஒரு காலத்தில் இன்ஜினுக்கு விளக்கெண்ணெயே ஊற்றினார்கள். முதல் உலகப் போரில் பறந்த சுழல் இன்ஜின் விமானங்கள் அதில்தான் ஓடின. பெட்ரோலில் அவ்வளவு எளிதில் கரையாது, சூட்டிலும் உலோகத்தை விட்டு விலகாது. 1909-ல் இங்கிலாந்தில் வேக்ஃபீல்டு கம்பெனி தன் ஆயிலுக்கு காஸ்ட்ரால் என்று பெயர் வைத்ததே ஆமணக்கின் ஆங்கிலப் பெயரை வைத்துத்தான். அந்த நாளில் விளக்கெண்ணெய் ஓடிய இன்ஜினில் மண்ணெண்ணெய்க் குடும்பத்து ஆயிலை ஊற்றினால் என் பாட்டிலில் நடந்ததுதான் நடந்திருக்கும். அப்போது அந்த எச்சரிக்கை முழுக்கச் சரி. இன்றைக்குக் கடையில் இருக்கும் கார் ஆயில்கள், மினரலோ சிந்தெடிக்கோ, அடிப்படையில் எல்லாம் ஒரே வகை ஹைட்ரோகார்பன். செமி சிந்தெடிக் என்று விற்பதே அந்த இரண்டையும் கம்பெனியே கலந்து அடைத்ததுதான். கம்பெனி கலந்தால் செமி சிந்தெடிக், நாம் கலந்தால் ஜாம் ஆகிவிடுமா?

அடுத்தது மருந்துகள். ஆயிலில் அழுக்கைப் பிடிப்பது, தேய்மானத்தைத் தடுப்பது, அமிலத்தை முறிப்பது என்று பலதும் சேர்க்கிறார்கள். ஒரு கம்பெனி மருந்தும் இன்னொன்றும் சண்டை போடாதா என்று கேட்பார்கள். பாட்டிலின் மேல் எத்தனையோ பெயர் இருந்தாலும் உள்ளே போகிற மருந்துக் கலவையைத் தயாரிக்கிற பெரிய கம்பெனிகள் உலகத்தில் நான்குதான்: லூப்ரிசால், இன்ஃபினியம், ஆஃப்டன், ஓரொனைட். இரண்டு போட்டி பிராண்டுகள் ஒரே இடத்தில் மருந்து வாங்குவது சகஜம்.

ஆனாலும் என் ஊறுகாய் பாட்டில் எதைச் சொல்லாது என்பதையும் எழுதி வைக்க வேண்டும். பிரியவில்லை, வண்டல் விழவில்லை என்றுதான் அது காட்டும். இரண்டு மருந்துக் கலவையும் சேர்ந்து தனித்தனியாக இருந்தபோது தடுத்த அளவுக்குத் தேய்மானத்தைத் தடுக்கிறதா என்பதைக் காட்டாது. கம்பெனிக்காரன் ஒரு ஆயிலை இன்ஜினில் போட்டு மணிக்கணக்காக ஓட்டி, பிரித்து அளந்துதான் தரம் சொல்கிறான். கலவையை யாரும் அப்படி ஓட்டிப் பார்க்கவில்லை. அதனால்தான் பாதிக்குப் பாதி கலந்து அதையே முழுக் காலத்துக்கும் ஓட்ட வேண்டாம் என்பேன். பதின்மூன்று பங்குக்கு அந்தக் கவலை பொருந்தாது.

ஜூன் 16, திங்கள்

எல்லாம் கலக்கலாம் என்று கடையில் பேச்சு பரவிவிட்டது போலிருக்கிறது. ரிக் வண்டி வைத்திருக்கும் அண்ணன் ஒருவர் வந்தார். போர் போடுகிற வண்டியின் ஸ்க்ரூ கம்ப்ரஸரில் ஆயில் குறைந்திருக்கிறது, பத்து லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் மிச்சம் கிடக்கிறது, ஊற்றட்டுமா என்றார். "இன்ஜினுக்கு ஆகும்னா இதுக்கும் ஆகுமில்ல?"

"இப்ப உள்ள என்ன ஆயில் இருக்குதுங்க?" என்றேன். அவருக்குத் தெரியவில்லை. டிரம்மைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னேன். பார்த்தால் கிளைக்கால் வகை, பாலிகிளைக்கால் அடிப்படையில் செய்தது. நல்லவேளை. சில கம்ப்ரஸர்களுக்கு அதுதான் தருகிறார்கள், நீண்ட நாள் உழைக்கும் என்பதற்காக. அது ஹைட்ரோகார்பன் குடும்பமே இல்லை. மினரல் ஆயிலோடு சேராது. கலங்கி, பிசின் மாதிரி கெட்டியாகி, செபரேட்டரை அடைத்துவிடும். அப்புறம் ஃபிளஷ் செய்து, ஃபில்டர் செபரேட்டர் எல்லாம் மாற்றி, சீசன் நேரத்தில் வண்டி நிற்கும். அரவக்குறிச்சித் தம்பி சொன்ன 'திரிஞ்சு போயிரும்' இங்கேதான் அப்படியே நடக்கும்.

இன்ஜின் ஆயிலுக்கு இருக்கிற அந்தக் கலக்கும் சோதனை கம்ப்ரஸர் ஆயிலுக்கோ கிரீஸுக்கோ பொருந்தாது. கார் இன்ஜினுக்கு டாப் அப் செய்கிறவன் இன்ஜின் ஆயிலில் எதையும் எடுக்கலாம். கியர் ஆயில், டூ ஸ்ட்ரோக் ஆயில், பவர் ஸ்டீயரிங் ஆயில் ஆகிய மூன்றும் வேண்டாம். அண்ணன் டிரம்மில் போட்டிருந்த அதே ஆயிலைச் சேலத்திலிருந்து வரவழைத்துக்கொண்டார். பத்து லிட்டர் ஹைட்ராலிக் ஆயில் இன்னும் மிச்சம்தான்.

ஜூன் 19, வியாழன்

டிராவல்ஸ் வேன் டிரைவர். 2020 ஏப்ரலுக்கு அப்புறம் வந்த பிஎஸ் 6 டீசல் வண்டி, புகைக் குழாயில் டிபிஎஃப் இருக்கிறது. அதற்குச் சாம்பல் குறைந்த ஆயில் வேண்டும், சி3 என்று போட்டிருக்கும், விலை கூட. டாப் அப்புக்குப் பழைய சிஐ-4 ஆயிலே போதுமா என்றார். ஒருமுறை வழியில் மாட்டிக்கொண்டு அரை லிட்டர் ஊற்றினால் ஒன்றும் ஆகாது. ஆனால் அவர் கேட்பது எப்போதும் அதையே ஊற்ற. இன்ஜினில் எரிந்துபோகிற ஆயிலின் சாம்பல் ஃபில்டரில் போய் உட்காரும். புகைக்கரியை வண்டி தானே எரித்துவிடும், சாம்பலை எரிக்க முடியாது. மாதாமாதம் மலிவு ஆயில் ஊற்றினால் ஃபில்டர் காலம் வருமுன் அடைத்துக்கொள்ளும். அதன் விலையைச் சொன்னதும் சி3 பாட்டிலையே எடுத்துக்கொண்டார்.

ஜூன் 22, ஞாயிறு

வாத்தியார் வந்தார், லட்டு டப்பாவோடு. மதுரை போய், அங்கிருந்து குற்றாலமும் சுற்றிவிட்டு வந்திருக்கிறார். கடை வாசலிலேயே ஸ்டிக்கை இழுத்துப் பார்த்தோம். பாதிக்குக் கொஞ்சம் மேலே, அரவக்குறிச்சியில் பார்த்த இடத்திலேயே கிட்டத்தட்ட நிற்கிறது. ஆயில் கறுப்பு. "கலந்ததால கறுத்துருச்சா?" என்றார். இல்லை, ஏழாயிரம் கிலோமீட்டர் ஓடிய ஆயில் கறுப்பாகத்தான் இருக்கும். கரியைத் தன்னிடம் பிடித்து வைத்திருக்கிறது, அதுதானே அதன் வேலை. பயப்பட வேண்டியது காபி நிறத்தில் வெளுத்துக் குழம்பாக இருந்தால். அது தண்ணீர் கலந்ததன் அடையாளம், பிராண்டுக்கும் அதற்கும் சம்பந்தமில்லை. கூலண்ட் டப்பாவையும் பார்த்தோம், சரியாக இருக்கிறது.

இப்போதே ஆயிலை இறக்கிவிடலாமா என்று கேட்டார். வியாபாரத்துக்கு நல்ல யோசனைதான். பத்தாயிரத்தில் மாற்றப் போகிறீர்கள், அது வரை ஓட்டுங்கள், ஓட்டாமல் நாள் கடந்தால் ஒரு வருஷக் கணக்கில் மாற்றிக்கொள்ளுங்கள் என்றேன். வாரன்டி இருக்கிற வண்டியாக இருந்தால் என்ன ஊற்றினேன், எங்கே, எத்தனை கிலோமீட்டரில் என்று பில்லோடு எழுதி வைப்பது நல்லது, மேனுவலில் சொன்ன ஆயிலைத்தானே ஊற்றினாய் என்று கேட்பார்கள். இவர் வண்டிக்கு வாரன்டி முடிந்துவிட்டது.

எனக்கு இப்போது இருக்கிற கேள்வி வேறு. போன தடவை மேல்கோடு வரை நிரப்பி அனுப்பினேன். ஏழாயிரத்துக்குள் முக்கால் லிட்டருக்கு மேல் எங்கே போனது? அடியில் கசிவு இல்லை, டிரெயின் போல்ட் காய்ந்திருக்கிறது. காலையில் முதல் ஸ்டார்ட்டில் நீலப் புகை வருகிறதா என்று கேட்டேன், கவனித்ததில்லை என்கிறார். வால்வ் சீலாக இருக்கலாம், பிஸ்டன் ரிங்காக இருக்கலாம், பயப்படத் தேவையில்லாத சாதாரணக் குறைவாகவும் இருக்கலாம். அளந்தால்தான் தெரியும். அதே 5டபிள்யூ-30-ல் ஒரு லிட்டர் கொடுத்து, இங்கேயே மேல்கோடு வரை நிரப்பி, கிலோமீட்டரை நோட்டில் குறித்துக்கொண்டேன். மிச்சம் டிக்கியில் இருக்கட்டும், ஆயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை, காலையில் வண்டி எடுக்கும் முன் ஸ்டிக்கைப் பார்த்துச் சேர்த்த அளவை எழுதி வரச் சொல்லியிருக்கிறேன். அடுத்த ஆயில் மாற்றத்துக்குள் இன்னும் அரை லிட்டர் குடித்தால் கம்ப்ரஷன் பார்க்க மெக்கானிக்கிடம் அனுப்ப வேண்டும்.

அரவக்குறிச்சியில் வாங்கிய பாட்டிலில் 600 மில்லி மீதி இருந்தது. அதை டிக்கியிலிருந்து எடுத்து, "இது உங்களுக்கு உபயோகப்படுமா?" என்று கல்லா மேல் வைத்துவிட்டுப் போனார். கடைப்பையன் அப்பாவின் டிராக்டருக்கு ஆகும், சேம்பரில் இருப்பதும் 15டபிள்யூ-40தான்.